இரவில் கும்பகோணம் வந்திறங்கும் பெண்ணுக்கு: கேட், ஆட்டோ, டவுன் பஸ்

கேள்வி: வயது 28. சென்னையிலிருந்து தனியாகக் கும்பகோணம் வருகிறேன். வெள்ளிக்கிழமை வேலை முடித்து பஸ் பிடித்தால் ராத்திரி 11 மணிக்குள் வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். மூன்று நாள் தங்கி கோயில்கள் பார்க்க வேண்டும். நான் பார்த்து வைத்திருக்கும் கெஸ்ட் ஹவுஸில் 'இரவு 10 மணிக்கு கேட் பூட்டப்படும்' என்று போட்டிருக்கிறார்கள். லேட்டாக வந்தால் உள்ளே விடுவார்களா? அந்த நேரத்தில் தனியாக ஆட்டோவில் போகலாமா? கோயில்களுக்கு டவுன் பஸ்ஸை நம்பி இறங்கலாமா?

பதில்:

முதலில் நேரக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதைப் பொறுத்துத்தான். கிளாம்பாக்கத்திலிருந்து கும்பகோணத்துக்குச் சாதாரண நாளிலேயே ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் ஊருக்குப் போகிற கூட்டத்தில் செங்கல்பட்டு தாண்டுவதற்கே பொறுமை வேண்டும். 5 மணிக்கு பஸ் ஏறினால்கூட 12 மணிக்கு முன்னால் வந்து சேர்வது சந்தேகம். வேலை முடித்துக் கிளாம்பாக்கம் வந்து சேரும் நேரத்தையும் கூட்டினால் நீங்கள் இறங்கும்போது மணி 12.30, 1 ஆகிவிடும். 10 மணிக்கு மூடும் கேட்டுக்கு 11 மணிக்கு வருகிறவரைக் கொஞ்சம் முனகிக்கொண்டாவது திறந்து விடுவார்கள். 1 மணிக்கு வருகிறவருக்குத் திறக்க, அதற்கென்று ஓர் ஆள் ஏற்பாடாகி இருந்தால்தான் உண்டு.

அதனால் என் யோசனை, நள்ளிரவில் வந்து இறங்குவதையே தவிர்த்துவிடுங்கள். சென்னையிலிருந்து ராத்திரி 10 மணிக்கு மேல் கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸ் ரயில், மயிலாடுதுறை வழியாகப் போகும் மெயின் லைனில் வந்து, விடியற்காலையில் கும்பகோணத்தில் விடும். தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் நிற்கும். நள்ளிரவு 1 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் இருட்டு ஒன்றுதான், ஆனால் ஊர் ஒன்றில்லை. 1 மணிக்கு இறங்கி ஏதாவது சிக்கலாகிவிட்டால், அடுத்த நான்கு மணி நேரத்துக்குத் தெருவில் ஆள் குறைந்துகொண்டேதான் போகும். 4 மணிக்கு இறங்கிச் சிக்கலானால், ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தால் போதும். 5 மணிக்கு டீக்கடை திறந்து, பால்காரர் வந்து, கோயிலுக்குப் போகிற பெண்கள் நடமாட ஆரம்பித்துவிடுவார்கள். கும்பகோணம் சீக்கிரம் அடங்கி சீக்கிரம் எழும் ஊர்.

டிக்கெட் எடுக்கும்போது ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் கோட்டா என்ற இடத்தில் LADIES என்பதையும் பாருங்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு ஸ்லீப்பர் வகுப்பில் ஒதுக்கீடு உண்டு. பொதுவில் வெயிட்டிங் லிஸ்ட் காட்டும் நாளிலும் சில சமயம் அதில் இடம் இருக்கும். இந்த ரயிலில் நடக்கிற தவறு ஒன்றே ஒன்று, தூங்கிப்போய் தஞ்சாவூரில் விழிப்பது. மயிலாடுதுறை தாண்டினால் அரை மணி சொச்சத்தில் கும்பகோணம். மயிலாடுதுறை வரும் நேரத்துக்கே அலாரம் வைத்துவிடுங்கள். வண்டி தாமதமானால் அலாரத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். இறங்கியதும் பிளாட்பாரத்தில் ஒதுங்கி நிற்காமல் நேரே காத்திருப்பு அறைக்குப் போய்விடுங்கள். டிக்கெட் கையில் இருந்தால் அங்கே உட்கார உங்களுக்கு உரிமை உண்டு. ரயிலிலோ ஸ்டேஷனிலோ யாராவது தொந்தரவு செய்தால் 139-ஐ அழைக்கலாம்.

இல்லை, பஸ்தான் வசதி என்றால் அதுவும் முடியாத காரியமில்லை. அப்போது மூன்று விஷயத்தை வியாழக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும்: கேட் திறக்கும் ஆள், பதிவின் தேதி, ஸ்டாண்டிலிருந்து கேட் வரைக்கும் ஆட்டோ.

கேட் விஷயத்தை மெசேஜில் கேட்காதீர்கள், போன் செய்யுங்கள். பகல் 11 மணி வாக்கில் செய்தால் முதலாளியோ மேனேஜரோ இருப்பார். 'லேட்டா வந்தா பரவாயில்லையா?' என்று கேட்டால் 'வாங்கம்மா, பாத்துக்கலாம்' என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலால் ராத்திரி 1 மணிக்கு எந்தப் பூட்டும் திறக்காது. கேட்க வேண்டியது வேறு. 'சார், வெள்ளிக்கிழமை நைட்டு பன்னெண்டரை, ஒரு மணி ஆயிடும். அந்த நேரத்துல கேட் சாவி யார்கிட்ட இருக்கும்? அவர் உள்ளேயே படுத்திருப்பாரா, வீட்டுக்குப் போயிடுவாரா? அவர் நம்பர் குடுங்க, நான் பஸ் ஏறினதும் ஒரு தடவை பேசிடறேன்.' இதற்கு வரும் பதிலிலேயே இடத்தின் தரம் தெரிந்துவிடும். 'நைட் வாட்ச்மேன் வராண்டாவிலேயே படுத்திருப்பார், இதான் அவர் நம்பர்' என்றால் அது நடக்கிற ஏற்பாடு. 'பக்கத்துலதான் இருக்கார், போன் போட்டா வந்துடுவார்' என்றால், நீங்கள் இருட்டில் நிற்கும்போது தூக்கத்திலிருந்து எழுந்து சைக்கிளில் கிளம்பும் ஒருவரை நம்பி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த இடத்தை விட்டுவிடலாம்.

இதை ஏன் இவ்வளவு துருவிக் கேட்கச் சொல்கிறேன் என்றால், இங்கே சின்ன கெஸ்ட் ஹவுஸ் பலவும் வீடாக இருந்து மாறியவை. தெருப் பக்கம் இரும்பு கிரில் கேட், அதன் பூட்டு உள்பக்கம் தொங்கும். காலிங் பெல் சுவிட்ச் கேட்டுக்கு உள்ளே வாசல் நிலையில் இருக்கும், வெளியிலிருந்து கை எட்டாது. வாட்ச்மேன் பின்கட்டில் ஃபேன் சத்தத்தில் படுத்திருப்பார். ரிசப்ஷன் லேண்ட்லைன் முன்னறையில் அடித்துக்கொண்டே இருக்கும். யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனாலும் நீங்கள் இருபது நிமிடம் தெருவில் நிற்பீர்கள். அதனால் 'பெல் கேட்டுக்கு வெளியில இருக்கா?' என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட் திறப்பவரின் சொந்தக் கைப்பேசி எண்தான் உங்களுக்கு வேண்டும். பேசி முடித்ததும் அதே எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் சுருக்கமாக எழுதிப் போடுங்கள்: 'இன்ன தேதி இரவு 1 மணி வாக்கில் வருகிறேன், கேட் திறக்க இன்னார் இருப்பதாகச் சொன்னீர்கள்.' 'ஓகே' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். ராத்திரி ஷிஃப்ட்டில் இருப்பவர் 'எனக்கு யாரும் சொல்லலியே' என்றால் காட்டுவதற்கு அது உதவும்.

'தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கிறதில்ல' என்று சில லாட்ஜில் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. அசல் அடையாள அட்டையோடு வரும் வயது வந்த பெண்ணுக்கு அறை தரத் தடை எதுவும் இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் கேள்வி வருமே என்ற அவர்கள் பயம்தான் அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் இந்த வாக்குவாதத்தை நள்ளிரவில் கவுன்ட்டர் முன்னால் நின்று நடத்தி ஒரு பலனும் இல்லை. முதல் போனிலேயே 'நான் ஒரு ஆள்தான், லேடீஸ்' என்று சொல்லிவிடுங்கள். தயங்குகிற இடம் அப்போதே கழன்றுகொள்ளும். குடும்பமாக யாத்திரை வருகிறவர்கள் தங்கும் இடங்கள், மேல்மாடியிலேயே வீட்டுக்காரர்கள் குடியிருக்கும் இடங்கள் இரண்டும் தனியாக வரும் பெண்ணுக்குப் பொதுவாக ஒத்துப்போகும். இரண்டாவது வகையில் கேட் கண்டிப்பு கூடுதலாக இருக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேதி. நள்ளிரவில் வருகிறவர்களில் நிறையப் பேர் சிக்கிக்கொள்வது இதில்தான். நீங்கள் சேரும்போது மணி 12.30 என்றால் காலண்டரில் சனிக்கிழமை பிறந்துவிட்டது. சனிக்கிழமை தேதி போட்டு ஆன்லைனில் பதிவு செய்தால், கவுன்ட்டரில் 'உங்க புக்கிங் மத்தியானம் பன்னெண்டு மணிக்குத்தானே ஆரம்பிக்குது' என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். பதிவு வெள்ளிக்கிழமை தேதியில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டுவிட்டு லேட் என்று சொல்லாமல் விட்டால், 10 மணி வரை பார்த்துவிட்டு 'ஆள் வரல' என்று அந்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். முகூர்த்த நாள், அமாவாசை, மாசி மகம், குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி சமயங்களில் இது அநேகமாக நடக்கும், ஏனென்றால் வாசலில் ரொக்கத்தோடு ஆள் நின்றுகொண்டிருப்பார்கள். உங்கள் வார இறுதியில் முகூர்த்தம் இருக்கிறதா என்று நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் ஒரு நாள் வாடகையை முன்பணமாகக் கட்டிவிடுவது நல்லது. கட்டும்போது ஜிபே திரையில் வரும் பெயர் கெஸ்ட் ஹவுஸின் பெயரா, போனில் பேசியவரின் பெயரா என்று பாருங்கள். சம்பந்தமே இல்லாத பெயர் வந்தால் நிறுத்திவிட்டு, மேப்பில் இருக்கும் எண்ணையும் அவர்கள் பலகைப் படத்தில் தெரியும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

விடியற்காலை ரயிலில் வந்தாலும் இந்தக் கணக்கு உண்டு, ஆனால் வேறு மாதிரி. இங்கே சில இடங்களில் 24 மணி நேர செக்-அவுட், சில இடங்களில் பகல் 12-க்கு 12. 24 மணி நேர இடத்தில் சனிக்கிழமை காலை 4.30-க்கு நுழைந்தால் ஒரு நாள் ஞாயிறு 4.30-க்கு முடியும். உங்களுக்கு நஷ்டமில்லை. பகல் 12-க்கு 12 என்னும் இடத்தில் 4.30-க்கு நுழைந்தால் வெள்ளிக்கிழமை வாடகையும் சேரும். அங்கே 'காலைல ஆறு மணிக்கு வந்து பை மட்டும் வச்சிட்டுக் குளிச்சிட்டுக் கிளம்பறேன், ரூம் மத்தியானம் குடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். யாத்திரை ஊர் என்பதால் குளித்து உடை மாற்றிக் கொள்ள ஓர் அறை ஒதுக்குவது இங்கே வழக்கத்தில் உள்ள விஷயம். அதற்குத் தனியாக ஒரு தொகை கேட்பார்கள்.

இனி ஸ்டாண்டிலிருந்து கேட் வரை. இதுதான் நீங்கள் பயப்படும் பகுதி. அரசு பஸ் என்றால் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் புறநகர் பேருந்து நிலையத்துக்குள் வரும். அங்கே ராத்திரி முழுக்க வெளிச்சம் உண்டு, பஸ் வந்துகொண்டே இருக்கும், டீக்கடையில் ஆள் இருப்பார்கள். ஆம்னி பஸ்ஸாக இருந்தால் ஏறும்போதே கிளீனரிடம் எங்கே இறக்குவார்கள் என்று கேளுங்கள். தஞ்சாவூர் தாண்டிப் போகும் வண்டிகளில் சில, ஊருக்குள் நுழையாமல் பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிடப் பார்க்கும். ஆளரவம் இல்லாத பைபாஸில் பையோடு நிற்பதுதான் இந்தப் பயணத்தில் உண்மையிலேயே ஆபத்தான இடம். கும்பகோணமே கடைசி நிறுத்தமாக இருக்கும் வண்டியைப் பாருங்கள். வண்டிக்குள் முன்பக்கத்தில், டிரைவர் பார்வை படும் சீட்டாக எடுங்கள்.

ஆட்டோவை ஸ்டாண்டில் வந்து தேட வேண்டாம். கெஸ்ட் ஹவுஸ்காரர்களையே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். 'உங்களுக்குத் தெரிஞ்ச ஆட்டோக்காரர் யாராவது பஸ் ஸ்டாண்டுக்கு வருவாரா?' என்று முதல் போனிலேயே கேட்டுவிடலாம். வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்குவார்கள், கொடுத்துவிடுங்கள். இதனால் இரண்டு காரியம் முடிகிறது. வாட்ச்மேனுக்குத் தெரிந்த ஆள் உங்களைக் கூட்டி வருகிறார், அதனால் வண்டிச் சத்தம் கேட்டாலே கேட் திறந்துவிடும். ஆட்டோக்காரருக்கும் நாளைக்கு அந்த கெஸ்ட் ஹவுஸிலிருந்து சவாரி வேண்டும், அதனால் வாடகையில் தகராறு வராது. ஆப் மூலம் வண்டி பிடிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் இந்த ஊரில் அது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஏற்பாடு செய்ய முடியாமல் போனால், நிலையத்துக்கு உள்ளேயே வரிசையில் நிற்கும் ஆட்டோவை எடுங்கள். வாசலில் வந்து கையைப் பிடிக்காத குறையாக அழைப்பவரை வேண்டாம் என்றுவிடுங்கள். ஏறுவதற்கு முன் மொத்தத் தொகையைப் பேசிவிடுங்கள்: 'பையோட சேத்து எவ்ளோண்ணே? நைட்டுன்னு அப்புறம் கேக்கக் கூடாது.' பின்னால் போய் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், அவர் பார்க்கும்படி. உட்கார்ந்ததும் வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, 'அண்ணே, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஆட்டோ ஏறிட்டேன், கேட்டைத் திறந்து வைங்க' என்று சத்தமாகவே பேசுங்கள். கும்பகோணம் டவுனுக்குள் எங்கே போனாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, அதனால் இந்த ஒரு போன் போதும். போய்ச் சேர்ந்ததும் இறங்கிப் பணம் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். 'கேட் திறந்து நான் உள்ளே போனப்புறம் கிளம்புங்கண்ணே' என்று சொல்லுங்கள். இந்தப் பக்கத்து ஆட்டோக்காரர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களே இறங்கிக் குரல் கொடுத்து எழுப்பிவிடுவதும் உண்டு.

அப்படியும் கேட் திறக்கவில்லை என்றால் எவ்வளவு நேரம் நிற்பது? போன் மூன்று தடவை, பெல் மூன்று தடவை, அதற்கு மேல் வேண்டாம். அதே ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பிவிடுங்கள். ஸ்டாண்டைச் சுற்றி ராத்திரி முழுக்க ரிசப்ஷனில் ஆள் இருக்கும் பெரிய லாட்ஜுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் எண்ணை முன்பே எழுதி வைத்திருந்தால் அன்றைக்கு ஓர் இரவு வாடகைதான் நஷ்டம். அந்த லாட்ஜை ஆட்டோக்காரர் தேர்ந்தெடுக்கும் நிலை வரக் கூடாது, அதற்காகத்தான் முன்பே எண் வேண்டும் என்கிறேன். நிலைமை சரியில்லை என்று தோன்றினால் 112, அல்லது பெண்களுக்கான 1091. இரவு 10 முதல் காலை 6 வரை தனியாக மாட்டிக்கொண்ட பெண்களை ரோந்து வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு காவல்துறை 2023-ல் அறிவித்தது, அதற்கும் இந்த எண்கள்தான். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் கிளம்புவதற்கு முன்னால் இறக்கிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நடுரோட்டில் நின்றுகொண்டு அதற்கு ஓ.டி.பி. போட்டுக்கொண்டிருக்க முடியாது. அவசரமில்லாத புகார் என்றால் ஊரில் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது.

அறைக்குள் போனதும் பையைப் பிரிப்பதற்கு முன் இரண்டு நிமிடம் சுற்றிப் பாருங்கள். உள்தாழ்ப்பாள் முழுசாக விழுகிறதா? பழைய கட்டடங்களில் மழையில் கதவு உப்பி, தாழ்ப்பாள் துளைக்கு நேரே வராமல் பாதியில் நிற்கும், பார்க்கப் பூட்டின மாதிரியே இருக்கும். போட்டுவிட்டுக் கதவைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஜன்னல் வெளிநடையைப் பார்த்து இருந்தால் கொக்கி வேலை செய்ய வேண்டும், திரை முழுசாக மூட வேண்டும். பாத்ரூம் வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று நிமிர்ந்து பாருங்கள். ஒன்று உடைந்து, பின்னால் நடைபாதை இருந்தால் வேறு அறை கேளுங்கள். நாதாங்கியில் பூட்டுப் போடும் கதவாக இருந்தால், வெளியே போகும்போது அவர்கள் தரும் பூட்டுக்குப் பதில் உங்கள் சொந்தப் பூட்டைப் போடலாம். அந்தப் பூட்டுக்கு மாற்றுச் சாவி யாரிடமும் இருக்காது. ஒரு சின்ன ஆமைப் பூட்டு பையில் இருக்கட்டும்.

கோயில்களுக்கு டவுன் பஸ்ஸைத் தாராளமாக நம்பலாம், பகலில். அரசு டவுன் பஸ்ஸில் 'மகளிர் கட்டணமில்லாப் பயணம்' என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உங்களுக்குக் காசு கிடையாது. கண்டக்டர் தரும் சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாராசுரம், சுவாமிமலை, திருநாகேஸ்வரம், திருபுவனம் நான்கும் பத்து கிலோமீட்டருக்குள்தான், வண்டி அடிக்கடி உண்டு. பெண்கள் முன்படி வழியாக ஏறி இடது பக்கம் உட்காருவது இங்கே பழக்கம். கூட்டத்தில் யாராவது கை வைத்தால் தயங்காமல் சத்தம் போடுங்கள். வண்டியில் பாதிக்கு மேல் பெண்கள் இருப்பார்கள், அந்த ஆளை அவர்களே இறக்கிவிடுவார்கள். மற்றபடி உங்களுக்கு நிறைய வரப்போவது கேள்விகள்தான்: 'தனியாவா வந்திருக்கே? வீட்ல யாரும் வரலியா?' கேட்பவர் வயதான அம்மாவாக இருந்தால் அது அக்கறை. ஆணாக இருந்து, எந்த லாட்ஜ் என்பது வரை கேள்வி போனால், 'சொந்தக்காரங்க வீட்ல' என்று சொல்லி நிறுத்திவிடுங்கள்.

சிக்கல் எல்லாம் சாயங்காலத்தில். கோயில்கள் பகல் 12, 12.30-க்கு நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கும். அதனால் எல்லோரும் தூரத்துக் கோயிலை 4 மணிக்கு மேல் தள்ளிவிடுகிறார்கள். சூரியனார்கோவில் மாதிரி இடம் ஆடுதுறையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தரிசனம் முடிந்து வெளியே வரும்போது இருட்டியிருக்கும், ரோட்டின் இரண்டு பக்கமும் வயல், விளக்கு தூரத்துக்கு ஒன்று, பஸ் எப்போது என்று சொல்ல ஆள் இருக்காது. இதைத் திருப்பிப் போடுங்கள். தூரத்துக் கோயில்கள் காலையில். சாயங்காலத்துக்கு ஊருக்குள் இருக்கும் கும்பேஸ்வரர், சாரங்கபாணி, சக்கரபாணி, ராமசாமி கோயில்கள், மகாமகக் குளம். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகலாம், எட்டரை மணி வரை கடைத்தெருவில் கூட்டம் இருக்கும். தாராசுரம் மட்டும் விதிவிலக்கு. நான்கு கிலோமீட்டர்தான், சாய்ந்த வெயிலில் அந்தக் கல் தேர்ச் சக்கரங்களைப் பார்ப்பதற்காகவே போக வேண்டும். 4 மணிக்குப் போய் 6.30-க்குள் திரும்பிவிடுங்கள். எங்கே போனாலும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்டக்டரிடம், 'திரும்பிப் போக கடைசி வண்டி எத்தனை மணிக்கு?' என்று கேட்டு, அவர் சொல்வதற்கு முந்தின வண்டியைப் பிடியுங்கள். ஆள் இல்லை என்று கடைசி வண்டியை ஓட்டாமல் விட்டுவிடுவது உண்டு.

நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் பார்க்க நினைத்தால் தனியாகக் கார் பிடிப்பதைவிட, அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய வார இறுதிச் சிறப்புப் பேருந்து உங்களுக்கு ஏற்றது. தொடங்கியபோது கட்டணம் 750 ரூபாய். முன்பதிவு உண்டு, நாள் முழுக்க அதே பயணிகள் கூட வருவார்கள், சாயங்காலம் இருட்டினாலும் ஊருக்குள் கொண்டுவந்து விடுவார்கள். ஆனால் அது விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பும். 10 மணிக்குப் பூட்டிய கேட் 4.30-க்குத் திறக்குமா என்பது அப்போதுதான் கேள்வியாகும். தாமதமாக வருவதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், சீக்கிரம் கிளம்புவதைப் பற்றிக் கேட்க மறந்துவிடுவார்கள். உள்ளே பூட்டிய கேட்டுக்குப் பின்னால் நின்று வாட்ச்மேனைத் தேடிக்கொண்டிருந்து பஸ்ஸை விடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. முந்தின ராத்திரி 9 மணிக்கு வாட்ச்மேனிடம் நேரிலேயே சொல்லி, அந்த விடியற்காலைக்கும் அதே ஆட்டோக்காரரைப் பேசிவிடுங்கள்.

திரும்பிப் போகிற அன்று ராத்திரி வண்டி என்றால், அறையைக் காலி செய்துவிட்டுப் பையை ரிசப்ஷனில் வைக்கக் கேளுங்கள், வைத்துக்கொள்வார்கள். ஆனால் அதை எடுக்க 9 மணிக்கே போய்விடுங்கள். 10 மணிக்கு மேல் உங்கள் பை உள்ளேயும் நீங்கள் வெளியேயும் இருப்பீர்கள்.